பறிக்காத கொடியும் பாடாத பாட்டும்

ஏற்காட்டில் ரூபி டீச்சரிடம் முறைப்பு வாங்காத ஆள் யாராவது இருந்தால், ஒன்று அவர் நேற்று வந்த டூரிஸ்டாக இருக்க வேண்டும், இல்லை பிறந்ததிலிருந்து வாயைத் திறந்து பாடாதவராக இருக்க வேண்டும். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் பாட்டு டீச்சர். ஞாயிற்றுக்கிழமையானால் கோயிலில் ஆர்மோனியம். வயது அறுபத்து நாலு ஆகியும் சுருதி விலகினால் அவள் காது பொறுக்காது. பாடுகிறவர் ஃபாதராகவே இருந்தாலும் சரி, கட்டையை ஓங்கி ஓர் அழுத்து அழுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். ஃபாதரும் பாவம், அடுத்த வரியில் சுருதிக்கு வந்துவிடுவார்.

அப்படிப்பட்டவளிடம் போய், நீ பாடினது உன் பாட்டு இல்லை என்று ஒருத்தன் சொன்னால் எப்படி இருக்கும்? சென்னையில் ஒரு ஆடியோ கம்பெனி அதைத்தான் சொன்னது.

கணவர் மரியதாஸ் இறந்து ஒரு வருடம் ஆன அன்று வீட்டில் செபம் வைத்திருந்தார்கள். செபம் முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த மகள் ஜோஸ்லின், "அப்பாவுக்குப் பிடிச்சதப் பாடும்மா" என்றாள். ரூபி 'இருபது வளைவு' பாடினாள். ஜோஸ்லின் அதைப் போனில் பிடித்து யூடியூபில் போட்டாள். மூன்றே வாரத்தில் அதைத் தூக்கிவிட்டார்கள். இந்தப் பாட்டின் உரிமை எங்களுடையது, ஒரு புதுப் படத்துக்கு இதைக் குத்துப் பாட்டாக மாற்றி எடுக்கப் போகிறோம், வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்று கம்பெனி நோட்டீஸ் வேறு அனுப்பியது.

குத்துப் பாட்டு! அதைப் படித்த ரூபி நோட்டீஸைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். பாட்டைப் பறிகொடுத்தது பாதி வலி என்றால், அதற்கு யாரோ ஆட்டம் போடப் போகிறார்கள் என்பது மீதி வலி. காரணம், அந்தப் பாட்டு பிறந்த இடம் அப்படி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு. கல்யாணம் முடிந்து, சேலத்துப் பெண்ணான ரூபி முதல் தடவை மலை ஏறுகிறாள். முதல் வளைவு நெருங்கும்போதே அவளுக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. புதுப் பொண்டாட்டி பஸ்ஸில் வாந்தி எடுத்துவிட்டால் மானம் போய்விடுமே என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த மரியதாஸுக்குப் பயம். பாட்டுப் படித்தவள் என்று பெண் பார்க்கும்போது சொல்லியிருந்தார்கள் இல்லையா, அதைப் பிடித்துக்கொண்டார். "ரூபி, ஒரு வளைவுக்கு ஒரு வரின்னு ஒரு பாட்டுக் கட்டு பாக்கலாம். ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள இருவது வரி ஆயிரும்" என்றார். அவளும் கண்ணை மூடிக்கொண்டு கட்டினாள். வளைவுக்கு வளைவு மெட்டு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. பத்தொன்பது வரி வந்துவிட்டது. இருபதாவது வளைவில் வரி கிடைக்காமல் முழித்தாள். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டே, "ஊடு வந்துருச்சு, எறங்கு ரூபி" என்றார். அதுதான் இருபதாவது வரி. அப்புறம் நோட்டில் எழுதும்போது அதை அடித்துவிட்டு மெட்டுக்குச் சரியாக வேறொரு வரி போட்டுவிட்டாள். தாளத்தில் நிற்காத வரியை அவள் வைத்துக்கொள்வாளா?

மரியதாஸ் நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் கணக்கு, காப்பிக் கணக்கு எல்லாம் அவர் பார்த்தாலும், மிளகுக் குத்தகைப் பத்திரம் எழுதுவதில்தான் மலையிலேயே அவருக்குப் பேர். சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக்கொடிகளை வியாபாரிக்குக் குத்தகைக்கு விடுவார்கள். நாலெல்லை, எத்தனை கொடி, எந்தத் தேதி வரைக்கும் பறிக்கலாம், தவணை தாண்டினால் பறிக்காத கொடி யாருக்கு என்று எல்லாம் எழுதியாக வேண்டும். மரியதாஸ் அதோடு விடமாட்டார். பறிப்பது என்றால் என்ன என்று அதற்கும் ஒரு வரி எழுதுவார். பறித்துக் களத்தில் கொண்டுவந்து போட்டால்தான் பறித்தது. கொடியடியில் உதிர்த்துப் போட்டுவிட்டு, அதையும் பறித்துவிட்டேன் என்று உரிமை கொண்டாட முடியாது. கடைசியில் தவறாமல் இன்னொன்றும் இருக்கும். பங்களாவின் பின்வாசல் படியோரம் இருக்கும் கொடி குத்தகையில் சேராது. அது வீட்டுச் சமையலுக்கு. அதற்கு ஊட்டுக்கொடி என்று பேர்.

இப்படிப்பட்ட மனுசன் கையில் ஒரு சினிமா ஒப்பந்தம் கிடைத்தால் என்ன ஆகும்?

இரண்டாயிரத்து இருபத்தொன்று டிசம்பர். சேலத்தில் ஜவுளிக்கடையும் ஓட்டலும் வைத்திருந்த முருகேசன், ஆசைக்கு ஒரு படம் எடுக்க வந்தார். கதை ஏற்காட்டில் நடக்கிற கதை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடிய ரூபியின் பாட்டுகளைக் கேட்டு மயங்கிப்போய் வீடு தேடி வந்துவிட்டார். ஐந்து பாட்டு வேண்டும் என்றார். ஐந்தாவது 'இருபது வளைவு'. ரூபிக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது வருடமாக நோட்டுக்குள் கிடந்த பாட்டு தியேட்டரில் கேட்கப் போகிறது என்றால் யாருக்குத்தான் புரியும்? பேனாவை எடுத்துவிட்டாள்.

மரியதாஸ் பேனாவை வாங்கி ஓரமாக வைத்தார். இங்கிலீஷில் அடித்திருந்த ஆறு பக்கத்தையும் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் படித்தார். முருகேசன் மூன்று காப்பி குடித்து முடித்தார். கடைசியில் மரியதாஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"எல்லை எங்கீங்க?"

எல்லையெல்லாம் இல்லீங்க, உலகம் பூராவும்தான் என்று முருகேசன் சிரித்தார்.

"ஒலகத்துக்கு நாலெல்லை எழுத முடியாதுங்களே. எழுத முடியாத நெலத்த நான் எப்படீங்க குத்தகைக்கு உடறது?"

ரூபிக்கு உடம்பெல்லாம் கூசியது. சினிமாக்காரர் முன்னால் இப்படியா மானத்தை வாங்குவது! ஆனால் அவர் விடவில்லை. உலகம் என்பதை அடித்து, இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று எழுதினார். காப்புரிமை இருக்கும் காலம் முழுவதும் என்பதை அடித்துப் பத்து வருடம் ஆக்கினார். பாட்டைப் பயன்படுத்தாவிட்டாலும் உரிமை முருகேசனிடமே இருக்கும் என்று ஒரு ஷரத்து இருந்தது. அதைக் குறுக்கே ஒரே கோடாக அடித்துவிட்டு, ஓரத்தில் தமிழில் எழுதினார்: இன்றிலிருந்து இரண்டு வருடத்துக்குள் படத்திலோ ஆடியோவிலோ பொதுமக்கள் கேட்கும்படி வெளியிடாத பாட்டின் எல்லா உரிமையும், வேறு பத்திரம் தேவையில்லாமல், தானாகவே ரூபிக்குத் திரும்பும், ரெக்கார்டிங் செய்து உள்ளே வைத்திருப்பது வெளியிட்டதாகாது. முருகேசன் நல்ல மனுசன். ரெண்டு காய்ப்புக் காலம் குடுக்கறீங்க, போதுமுங்க என்று சொல்லி, இரண்டு பிரதியிலும் அடித்த இடம், எழுதின இடம் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். ரூபியும் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள்.

அதோடு முடிந்ததா? ஐந்தாவது பாட்டை மட்டும் விட்டுவிடலாமே, ஊட்டுக்கொடி மாதிரி இருக்கட்டுமே என்று மெதுவாக ஆரம்பித்தார். ரூபி வெடித்துவிட்டாள். "என் பாட்டு ஒண்ணும் மொளகு இல்லீங்க. அஞ்சையும் குடுங்க." அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். முருகேசன் போனபிறகு இரண்டு நாள் அவருடன் பேசாமல் இருந்தாள். சோறு போட்டாள், பேசவில்லை.

அடுத்த செப்டம்பரில் படம் வந்தது. நாலு பாட்டு இருந்தது. ஐந்தாவது இல்லை. டைரக்டருக்கு மெதுவாகப் போகிற பாட்டாகத் தெரிந்ததாம். சேலம் தியேட்டரில் படம் முடிந்து விளக்கு எரிந்தபோது ரூபி அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் மரியதாஸ் கர்ச்சீப்பை நீட்டினார். உள்ளுக்குள் சந்தோசம்தானே இவருக்கு என்று அன்றைக்கு அதற்கும் ஒரு கோபம் வந்தது அவளுக்கு. எழுபது வயதை நெருங்குகிறவரிடம் எத்தனை கோபம்! இன்றைக்கு நினைத்தால் தன் வாயில் தானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு ரூபி சேலத்துக்குப் போனாள். அங்கே வக்கீலாக இருக்கும் இளவரசி அவளுடைய மாணவிதான். ஏழாம் வகுப்பில் ஸ்வரம் தப்பி வெளியே நின்றவள். முருகேசனிடமிருந்து பாட்டை வாங்கியதாகச் சொல்லி, கம்பெனி நோட்டீஸோடு அனுப்பியிருந்த ஒப்பந்த நகலைப் படித்துவிட்டு இளவரசி உதட்டைப் பிதுக்கினாள். உலகம் முழுவதும், காலம் முழுவதும், பயன்படுத்தாவிட்டாலும் உரிமை போகாது என்று அதில் அச்சடித்தபடியே இருந்தது. கையால் எழுதினது ஒன்றுகூட இல்லை. கையெழுத்தே இல்லை.

சட்டம் பாட்டு எழுதினவர் பக்கம் இல்லாமல் இல்லை என்று இளவரசி விளக்கினாள். பத்திரத்தில் காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான், எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான். வாங்கினவர் ஒரு வருடம் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை தானாகவே காலாவதி. ஆனால் இதெல்லாம் பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாதபோதுதான். கம்பெனி காட்டும் காகிதத்தில் வேறு மாதிரிதான் எழுதியிருக்கிறது.

"இது கையெழுத்தில்லாத டிராஃப்ட் டீச்சர். ஆனா நீங்க கையெழுத்துப் போட்டு உரிமை குடுத்தத நீங்களே ஒத்துக்கறீங்க. எந்தக் காயிதத்துல போட்டீங்கன்னு காட்டோணும். சார் எழுதின அந்த ஒரிஜினல் எங்க?"

ரூபிக்குத் தெரியவில்லை. தன் பிரதி எங்கே கிடக்கிறதென்று முருகேசனுக்கும் தெரியவில்லை. பீரோ, இன்சூரன்ஸ் பை, பைபிள், ஆர்மோனியப் பெட்டி எல்லாம் குடைந்தாள். ஜோஸ்லினும் விடுப்புப் போட்டு வந்து குடைந்தாள். கிடைக்கவில்லை. மூன்றாவது நாள் அடுப்பில் ரசம் கொதிக்கும்போது, மிளகுப் பொடி டப்பாவைத் திறந்த கையோடு ரூபி அப்படியே நின்றாள். அடக் கடவுளே, அந்த மனுசனுக்கு அது பாட்டுப் பத்திரமா? குத்தகைப் பத்திரம் அல்லவா! குத்தகைப் பத்திரத்தை அவர் எப்போது வீட்டில் வைத்தார்?

மறுநாள் முதல் பஸ்ஸில் நாகலூர் போனாள். எஸ்டேட் ஆபீஸில் இப்போது கோகுல் ரைட்டர். பெரிய ரைட்டர் ஃபைலையெல்லாம் நாங்க தொடறதே இல்லீங்க என்று சொல்லி, அலமாரியிலிருந்து 'மொளகு 2021-22' என்று எழுதின கட்டை எடுத்துத் தட்டினான். கிழக்குத் தோட்டத்துக் குத்தகைக்கும் மாரமங்கலத்து வியாபாரி குத்தகைக்கும் நடுவில் அந்த ஆறு பக்கமும் இருந்தது. மேலே மரியதாஸ் கையெழுத்தில் 'ரூபி - பாட்டு - தவணை 11.12.2023' என்று குறிப்பு.

கடைசிப் பக்கத்தைத் திருப்பியபோது கோகுல்தான் முதலில் பார்த்தான். தவணை முடிந்த குத்தகையை அந்த ஆபீஸில் சிவப்பு மையில் எழுதி முடிப்பது வழக்கம். அங்கேயும் சிவப்பு மை இருந்தது. 'தவணை முடிந்தது. ஐந்தாம் பாட்டு பறிக்கப்படவில்லை. உரியவருக்குத் திரும்பியது. 12.12.2023.' கீழே அவர் கையெழுத்து, கொஞ்சம் கோணலாக.

ரூபி விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். அவர் போனது பிப்ரவரியில். டிசம்பரில் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. வாசலைத் தாண்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மாதம் ஒரே ஒரு நாள், பழைய சிநேகிதனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறிப் போனார். திரும்பி வந்தபோது உடம்பு இருக்கிற இருப்பில் ஊர் சுற்றப் போனதற்காக அவள் வாங்குவாங்கென்று வாங்கினாள். அவர் சிரித்துக்கொண்டே வெந்நீர் கேட்டார்.

இளவரசியின் ஆபீஸில் எல்லோரும் கூடினார்கள். கம்பெனி சார்பில் சென்னையிலிருந்து வசந்த் என்று ஒருவர் வந்திருந்தார். முருகேசனும் வந்து தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். போன வருடம் படத்தின் பாட்டுகளைக் கம்பெனிக்கு விற்றபோது, கடைப் பையன்கள் கம்ப்யூட்டரில் இருந்த பழைய டிராஃப்டை எடுத்து அனுப்பிவிட்டார்கள். அவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவருடைய ஒரிஜினல் பிரதி ஜவுளிக் குடோனிலிருந்து வந்தது. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது.

வசந்த் லேசில் விடவில்லை. பாட்டு இரண்டாயிரத்து இருபத்திரண்டு மார்ச்சிலேயே ரெக்கார்டிங் ஆகிவிட்டது, தேதியோடு ஃபைல் இருக்கிறது, ஆகவே தவணைக்குள் பயன்படுத்திவிட்டதாகத்தான் அர்த்தம் என்றார். இளவரசி ஓரத்துத் தமிழ் வரியை அவர் பக்கம் திருப்பினாள். ரெக்கார்டிங் செய்து உள்ளே வைத்திருப்பது வெளியிட்டதாகாது. வசந்த் இரண்டு தடவை படித்தார். நாங்கள் முருகேசனிடம் காசு கொடுத்து வாங்கினோமே என்றார். இருபத்துமூன்று டிசம்பரிலேயே அவர் கையை விட்டுப் போன உரிமையை அவர் எப்படி இருபத்துநாலில் விற்க முடியும் என்று இளவரசி கேட்டாள். மற்ற நாலு பாட்டும் பத்து வருடம் வரை அந்த நாலு நாட்டுக்குள் உங்களுடையதுதான், அதில் டீச்சர் வாய் திறக்க மாட்டார். அவருக்குச் சேர வேண்டிய ராயல்டியை மட்டும் ஒழுங்காகக் கொடுத்துவிடுங்கள் என்றும் சொன்னாள். வசந்த் வெளியே போய் போனில் பேசிவிட்டு வந்தார். நோட்டீஸை வாபஸ் வாங்குகிறோம், குத்துப் பாட்டு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கம்பெனியிடம் தான் வாங்கிய காசில் ஐந்தாவது பாட்டுக்கு உண்டானதைத் திருப்பித் தருவதாக முருகேசனும் எழுதிக் கொடுத்தார்.

எல்லோரும் எழுந்தபிறகு முருகேசன் மட்டும் தயங்கி நின்றார்.

"டீச்சர், ஒண்ணு சொல்லோணுங்க. தவண முடியறதுக்கு ஒரு மாசம் முன்னால உங்க ஊட்டுக்கு நான் போன் பண்ணினேன். ரெண்டாவது படத்துக்கு அந்தப் பாட்டு வேணும், இன்னும் ஒரு வருசம் எழுதிக் குடுங்கன்னு கேட்டேன். சார்தான் எடுத்தாரு. தர முடியாதுன்னுட்டாரு."

ரூபி உட்கார்ந்துவிட்டாள். தன்னைக் கேட்காமல் தன் பாட்டைத் தர மாட்டேன் என்று சொல்ல இவர் யார் என்று ஒரு நொடி பழைய கோபம் தலைதூக்கத்தான் செய்தது.

"என்ன சொன்னாருங்க?"

"அது ஊட்டுக்கொடிங்க, நான் இருக்கற வரைக்கும் அவ வாயால எனக்கு மட்டும் கேக்கோணுங்கன்னு சொன்னாரு. எனக்கு நொம்ப சங்கடமாப் போச்சுங்க. அப்பறம் நான் கேக்கவே இல்ல."

நவம்பர் மாதம். ரூபிக்கு அந்தச் சாயந்திரம் நினைவுக்கு வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கட்டிலில் சாய்ந்திருந்தவர், 'இருபது வளைவு' பாடேன் ரூபி என்றார். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், வந்து பாடுகிறேன் என்று செருப்பை மாட்டினாள். வந்து பாடவில்லை. அடுத்த நாளும் பாடவில்லை. பாடகர் குழு, கேக், விருந்தாளிகள், அப்புறம் ஆஸ்பத்திரி. ஊருக்கெல்லாம் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள், கேட்ட ஒருத்தருக்குப் பாடவில்லை. அவர் போய் ஒரு வருடம் கழித்து, காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால் பாடினாள்.

இளவரசி வண்டி ஏற்பாடு செய்கிறேன் என்றாள். வேண்டாம் கண்ணு, பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்றாள் ரூபி. அடிவாரம் தாண்டியதும் பையிலிருந்து அந்த ஆறு பக்கத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முதல் வளைவு வந்தது. முதல் வரியை வாய்க்குள் பாடினாள். இரண்டாவது வளைவுக்கு இரண்டாவது வரி. ஐந்து, ஆறு ஆனதும் குரல் தானாக வெளியே வந்துவிட்டது. பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் அவளிடம் படித்தவன்தான். டிரைவர் போட்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டு, டிக்கெட் கேட்காமல் தாண்டிப் போனான். வளைவுக்கு வளைவு மெட்டு ஏறியது. பதினெட்டில் மூச்சு வாங்கியது. பத்தொன்பதில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இருபதாவது வளைவு திரும்பும்போது, நோட்டில் எழுதிவைத்த, தாளத்துக்குச் சரியான வரி வாய் வரைக்கும் வந்தது. ரூபி டீச்சர் அதை விட்டுவிட்டாள். வாழ்நாளில் முதல் தடவையாகத் தெரிந்தே தாளம் தப்பி, பஸ்ஸுக்கே கேட்கும்படி பாடினாள்.

"ஊடு வந்துருச்சு, எறங்கு ரூபி."